துருப்பிடித்த ஸ்குறூ, தொட்டால் உடையும் கிளிப்: ஸ்ராண்ட் ஃபானின் முன்கூட்டை எப்படிக் கழற்றுவது?

ஒட்டுசுட்டான்_பிள்ளை (சனி, மாலை 6.10)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 16 அங்குல ஸ்ராண்ட் ஃபான் ஒன்று இருக்கிறது, வாங்கிப் பத்து வருசத்துக்கு மேல். கச்சான் காற்று அடிக்கிற நாளில் ஒழுங்கைச் செம்மண் முழுவதும் வீட்டுக்குள்தான் வரும், அது போய்ச் செட்டையிலும் கம்பிக் கூட்டிலும் தடிப்பாகப் படிந்து கிடக்கிறது. அம்மாவுக்கு முட்டு வருத்தம். ஃபானைப் போட்ட உடனே இருமத் தொடங்கிவிடுவார். முன்கூட்டைக் கழற்றிக் கழுவலாம் என்று பார்த்தால் இரண்டு சிக்கல்.

விளிம்பில் நாலு பிளாஸ்ரிக் கிளிப் இருக்கிறது. ஒரு காலத்தில் வெள்ளை, இப்போது தேநீர் நிறம். வலப்பக்கம் இருந்த ஒன்றை நகத்தால் நெம்பினேன், பிஸ்கட் மாதிரி இரண்டாக உடைந்து விழுந்தது. மற்ற மூன்றையும் தொடவே பயமாக இருக்கிறது. அடியில் முன்கூட்டையும் பின்கூட்டையும் சேர்க்கிற ஒரு சின்ன ஸ்குறூ, அது முழுக்கத் துரு. ரெஸ்ரரை வைத்துத் திருகினேன், வழுக்கி வழுக்கி ஸ்குறூவின் தலையில் இருந்த ஸ்டார் வெட்டு பாதி தேய்ந்துவிட்டது. இனி என்ன செய்வது? கடைக்குக் கொண்டுபோக முல்லைத்தீவு வரை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

குளக்கட்டு_குமார் (சனி, மாலை 6.32)

இதுக்கு ஏன் அக்கா இவ்வளவு யோசனை? ஒரு கரண்டி மண்ணெண்ணெயை ஸ்குறூவில் ஊற்றுங்கள், அரை மணித்தியாலம் விடுங்கள், கழன்றுவிடும். கிளிப்பைக் கத்தி முனையால் ஒரு நெம்பு நெம்பினால் சரி. உடைந்தால் உடையட்டும், கம்பியால் கட்டலாம். நான் எங்கள் வீட்டு ஃபானை அப்படித்தான் கழற்றினேன்.

கனடா_கந்தன் (சனி, இரவு 7.05)

தங்கச்சி, அந்த நடு நட்டை எல்லாரும் திருகுகிற பக்கம் திருகாதீர்கள். அது தலைகீழ்ப் புரி. மணிக்கூட்டு முள் சுற்றுகிற பக்கம் சுற்றினால்தான் கழரும். எதிர்ப்பக்கம் திருகினால் இறுகிக்கொண்டேதான் போகும். நான் ஊரில் இருந்த காலத்தில் இது தெரியாமல் ஒன்றை உடைத்திருக்கிறேன்.

ஒட்டுசுட்டான்_பிள்ளை (சனி, இரவு 7.20)

அண்ணை, நான் செட்டை நட்டுக்கு இன்னும் போகவே இல்லை. முன்கூடே திறக்கவில்லை. ஆனாலும் குறித்து வைக்கிறேன்.

வயர்மன்_மாமா (சனி, இரவு 8.15)

பிள்ளை, அவசரப்பட வேண்டாம். முதலில் மூன்று கேள்விக்குப் பதில் சொல். இரண்டு கூட்டையும் சுற்றி விளிம்பில் பிளாஸ்ரிக் வளையம் ஓடுகிறதா, வெறும் கம்பி விளிம்பா? அடி ஸ்குறூவின் பின்பக்கம் நட் வெளியே தெரிகிறதா? மேலே, பன்னிரண்டு மணி இருக்கிற இடத்தில், முன்கூட்டில் ஒரு வளைந்த கம்பிக் கொக்கி பின்கூட்டின் மேல் தொங்குகிறதா?

இதைக் கேட்காமல் வழி சொன்னால் உன் கூட்டைத்தான் உடைக்க வேண்டி வரும். குமார் தம்பி, மண்ணெண்ணெய் சரிதான், ஆனால் கரண்டிக்கணக்கில் இல்லை. கத்தி விசயத்தை மட்டும் தயவுசெய்து மறந்துவிடு.

ஒட்டுசுட்டான்_பிள்ளை (சனி, இரவு 8.40)

வளையம் இல்லை மாமா, கம்பி விளிம்புதான். அடியில் இரண்டு கூட்டிலும் சின்னத் தகட்டுக் காது மாதிரி இருக்கிறது, அவற்றின் ஊடாக ஸ்குறூ போகிறது. தலை முன்பக்கம், பின்னுக்குச் சதுர நட் தெரிகிறது, அதுவும் துரு. மேலே ஒரு கொக்கி இருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன்.

வயர்மன்_மாமா (சனி, இரவு 9.25)

நல்லது, இது லேசான வகை. ஒரு விசயத்தை மனதில் வை. உன் ஃபானில் காப்பாற்ற வேண்டியது கிளிப்பும் கூடும். ஸ்குறூவைக் காப்பாற்றத் தேவையே இல்லை. அது எந்த ஹாட்வெயார் கடையிலும் சில்லறைக் காசுக்கு வாங்குகிற 4 மில்லிமீற்றர் மெஷின் ஸ்குறூவும் நட்டும். முறிந்தாலும் வெட்டினாலும் நட்டம் இல்லை. ஆட்கள் பிழைவிடுவது இங்கேதான். ஸ்குறூ கெட்டுவிடும் என்று மெல்ல மெல்லத் திருகிக் கூட்டைப் பிடித்து ஆட்டுவார்கள், அந்த ஆட்டத்தில் கிளிப் எல்லாம் உடையும்.

பிளக்கைச் சுவரில் இருந்து முழுதாக இழுத்து எடு. சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது. வயரைச் சுற்றி உன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வை, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம்.

முதல் வேலை ஸ்குறூ. கிளிப்பை அதற்கு முன் கழற்றாதே. கிளிப் இருந்தால் கூடு இரண்டும் சேர்ந்து அசையாமல் நிற்கும். கிளிப்பைக் கழற்றிவிட்டு ஸ்குறூவோடு மல்லுக்கட்டினால் முன்கூடு அந்த ஒரே ஸ்குறூவில் தொங்கித் திரும்பும், காது வளையும்.

பழைய பல்தூரிகையால் நட்டுப் பக்கத் துருவைத் தேய்த்து உதிர்த்துவிடு. பிறகு ஃபானின் தலையை முன்பக்கம் குனிய வை. அப்போது நட்டு இருக்கிற பின்பக்கம் மேலே வரும். ஒரு ஈர்க்கு நுனியைத் தையல் மெஷின் எண்ணெயிலோ, மண்ணெண்ணெயில் கொஞ்சம் என்ஜின் ஒயில் கலந்ததிலோ தோய்த்து, நட்டும் ஸ்குறூவும் சேர்கிற இடத்தில் ஒரு துளி வை. தலைப்பக்கம் வைத்துப் பிரயோசனம் இல்லை, துரு பிடித்து இறுகிக் கிடப்பது நட்டின் புரிக்குள். ஒரு துளி ஊறிய பிறகு இன்னொரு துளி. இரவு முழுக்க அப்படியே விடு. கிளிப்பில் மட்டும் மண்ணெண்ணெய் படக்கூடாது, பழைய பிளாஸ்ரிக்குக்கு அது இன்னும் வெடிப்பைக் கொடுக்கும். ஊற்றாதே என்று சொல்வதும் அதனால்தான்.

குளக்கட்டு_குமார் (சனி, இரவு 9.50)

எங்கள் ஃபானில் மண்ணெண்ணெய் பட்டு ஒன்றும் ஆகவில்லையே மாமா.

வயர்மன்_மாமா (சனி, இரவு 10.02)

எல்லாப் பிளாஸ்ரிக்கும் ஒன்றில்லை தம்பி. சிலது தாங்கும். ஆனால் பார்த்து எது என்று சொல்ல எனக்கும் தெரியாது, அதனால் படாமல் வைப்பதுதான் லாபம்.

சாலையோரம் (சனி, இரவு 10.40)

நான் கரையோரம், முல்லைத்தீவுப் பக்கம். எங்களுக்கு உப்புக்காற்று, ஒரு மாரி போனால் ஸ்குறூ எல்லாம் புற்று. நான் கழற்றுவதையே விட்டுவிட்டேன். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியை ஈர்க்கில் சுற்றி, கம்பி இடைவெளிக்குள்ளால் விட்டுச் செட்டையைத் துடைப்பேன். அரை மணித்தியால வேலை. மோட்டருக்குள் தண்ணீர் போகாமல் பார்த்தால் சரி.

ஒட்டுசுட்டான்_பிள்ளை (சனி, இரவு 10.55)

அதுவும் செய்து பார்த்தேன் அண்ணை. முன்பக்கம் துப்புரவாகும், செட்டையின் பின்பக்கத்துத் தடித்த படிவு அப்படியே இருக்கும். அம்மாவை இருமவைப்பது அதுதான். ஒரு துளி வைத்துவிட்டேன், காலை பார்ப்போம்.

பொறியன்_வவுனியா (ஞாயிறு, காலை 7.30)

எண்ணெய் எல்லாம் மெதுவான வழி. சூடு காட்டினால் போதும். சோல்டரிங் அயனை ஸ்குறூவின் தலையில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், இரும்பு விரிந்து சுருங்கும்போது துரு விட்டுக்கொடுக்கும். நான் மோட்டார் சைக்கிளில் எத்தனையோ ஸ்குறூவை இப்படி எடுத்திருக்கிறேன்.

வயர்மன்_மாமா (ஞாயிறு, காலை 8.05)

பொறியன் சொல்வதில் பிழை இல்லை, இரண்டு காதும் தகடாக இருக்கிறபடியால் பிள்ளைக்கு இது சரிவரக்கூடும். ஆனால் விளிம்பில் பிளாஸ்ரிக் வளையம் ஓடுகிற ஃபானில் இதைச் செய்தால் ஸ்குறூ சூடாகி வளையத்தின் காதை உருக்கிவிடும், பிறகு எதில் இறுக்குவது? அதோடு நேற்று எண்ணெய் வைத்த இடத்தில் இன்று சூடு காட்டினால் புகை எழும்பும், மண்ணெண்ணெய் கலந்திருந்தால் தீப்பிடிக்கவும் கூடும். ஒன்றில் எண்ணெய், ஒன்றில் சூடு. இரண்டையும் கலக்காதே.

ஒட்டுசுட்டான்_பிள்ளை (ஞாயிறு, காலை 10.10)

மாமா, தம்பியிடம் இருந்து நல்ல ஸ்டார் டிரைவர் வாங்கி வந்தேன், இரண்டாம் நம்பர் என்று கைபிடியில் இருக்கிறது. ஸ்குறூ சுற்றுகிறது! ஆனால் பின்னுக்கு நட்டும் சேர்ந்து சுற்றுகிறது. எவ்வளவு சுற்றினாலும் வெளியே வரவில்லை.

வயர்மன்_மாமா (ஞாயிறு, காலை 10.35)

இரண்டாம் நம்பர்தான் சரி. ரெஸ்ரர் தட்டை முனை, அது ஸ்டார் வெட்டில் இரண்டு விளிம்பை மட்டும் பிடிக்கும், அதனால்தான் வழுக்கியது.

நட் சேர்ந்து சுற்றுவது வழமை. குறட்டால் நட்டைப் பிடித்துக்கொண்டு திருகு. ஃபானை நிமிர்த்தி வைத்துச் செய்தால் கை தள்ளாடும். மேசையில் பழைய தலையணையைப் போட்டு, ஃபான் தலையை மல்லாக்கப் படுக்க வை, முன்கூடு மேலே பார்க்கட்டும். அடிப்பக்கக் காது மேசை விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால் கீழால் குறட்டை விடலாம். ஒருவர் கீழே நட்டைப் பிடிக்க, மற்றவர் மேலே இருந்து உடம்புப் பாரத்தையும் சேர்த்து அழுத்தித் திருக வேண்டும். முதலில் இறுக்குகிற பக்கம் மயிரிழை திருகு, பிறகு தளர்த்து, மறுபடி கொஞ்சம் இறுக்கு, தளர்த்து. கிறீச் என்று சத்தம் வந்தால் புரி விடுகிறது என்று அர்த்தம். சத்தம் இல்லாமல் ரப்பர் மாதிரி இழுபட்டால் ஸ்குறூ முறியப்போகிறது. முறியட்டும், அதுவும் நமக்கு வெற்றிதான்.

புதுசு_வாங்கு (ஞாயிறு, காலை 11.00)

பத்து வருசத்து ஃபானுக்கு இவ்வளவு பாடா? புதுசு ஒன்று வாங்கிவிட்டுப் போகலாம்.

சாலையோரம் (ஞாயிறு, காலை 11.12)

காசு நீங்கள் அனுப்புகிறீர்களா?

ஒட்டுசுட்டான்_பிள்ளை (ஞாயிறு, பிற்பகல் 1.45)

நடந்ததைச் சொல்கிறேன். தம்பி நட்டைப் பிடித்தான், நான் திருகினேன். கால் சுற்றுப் போனது, கிறீச் சத்தமும் வந்தது, பிறகு தலை முழுசாகத் தேய்ந்து டிரைவர் சும்மா சுழன்றது. நேற்று ரெஸ்ரரால் நான் செய்த வேலையின் பலன். தலையில் கீறல் வெட்டித் தட்டை டிரைவரை விடலாமா என்று யோசித்தோம், தலை சின்னது, வெட்ட இடமே இல்லை. கடைசியில் ஹெக்ஸோ பிளேட்டை எடுத்தோம். பின்காதுக்கும் நட்டுக்கும் நடுவில் பிளேட்டை விட்டு அறுத்தோம். சட்டம் போடாமல் பிளேட்டை மட்டும் துணி சுற்றிக் கையால் பிடித்தோம், சட்டம் அந்த இடத்துக்குள் போகாது. இரும்புத் தூள் மோட்டர் பக்கம் போகாமல் ஈரத்துணியைக் கூட்டுக்குள் திணித்து வைத்தோம். பத்து நிமிடம் ஆகியிருக்கும். நட் கீழே விழுந்தது, ஸ்குறூ முன்பக்கத்தால் வந்துவிட்டது.

இனிக் கிளிப். மூன்று மிச்சம்.

வயர்மன்_மாமா (ஞாயிறு, பிற்பகல் 2.20)

துணி வைத்தது கெட்டித்தனம். துணியை எடுக்கும்போது மடித்து எடு, உதறாதே.

கிளிப்பைப் பற்றிச் சொல்கிறேன், கேள். கிளிப் ஏன் உடைகிறது? பழசானபடியால் மட்டும் இல்லை. இரண்டு கூட்டின் விளிம்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே நிற்கும், அந்தத் தள்ளல் முழுவதையும் கிளிப்பின் மெல்லிய கழுத்துத்தான் தாங்குகிறது. நீ அதன் மேல் நகத்தை வைத்து நெம்பும்போது இரண்டு பாரமும் ஒரே இடத்தில் விழுகிறது, கழுத்து முறிகிறது. ஆகவே முதலில் தள்ளலை எடுத்துவிட வேண்டும். கிளிப்புக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு விரல் இடம் விட்டு, பெருவிரல் முன் விளிம்பிலும் மற்ற விரல்கள் பின் விளிம்பிலுமாக இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கு. அப்படி அமுக்கிப் பிடித்திருக்கையில் கிளிப் தொளதொளவென்று ஆடும். அந்த நேரத்தில் தம்பி கிளிப்பின் உதட்டைப் பெருவிரலின் சதையால் வெளிப்பக்கம் தள்ளட்டும். நகமும் வேண்டாம், டிரைவரும் வேண்டாம். ஆடவில்லை என்றால் நீ போதுமாக அமுக்கவில்லை.

அதற்கு முன் சுடுதண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து கிளிப்பின் மேல் இரண்டு மூன்று நிமிடம் வை. கை பொறுக்கிற சூடு போதும், கொதிதண்ணீர் வேண்டாம். கீழே இருக்கிற கிளிப்பில் தொடங்கி மேலே போ.

பொறியன்_வவுனியா (ஞாயிறு, பிற்பகல் 2.41)

சுடுதண்ணீர் வைத்தால் பழைய பிளாஸ்ரிக் இளகும் என்பதை நான் நம்பவில்லை. வெயிலில் காய்ந்து வெடித்தது வெடித்ததுதான். கிளிப்பை மெதுவாக்குவது உங்கள் அமுக்கும் முறை, சூடு இல்லை.

வயர்மன்_மாமா (ஞாயிறு, பிற்பகல் 2.58)

இருக்கலாம் தம்பி. வெடிப்பைச் சூடு திருத்தாது, அது உண்மை. ஆனால் மார்கழிக் காலையில் கழற்றியதில் உடைந்ததும் மத்தியானத்தில் கழற்றியதில் தப்பியதும் என் கையால் நடந்தவை. சூடு வைப்பதில் செலவு இல்லையே.

ஒட்டுசுட்டான்_பிள்ளை (ஞாயிறு, மாலை 5.15)

கழன்றுவிட்டது!

அடி இடப்பக்கத்துக் கிளிப்பை நீங்கள் சொன்ன மாதிரியே அமுக்கிப் பிடித்தோம், உண்மையில் ஆடியது மாமா, தம்பி விரலால் தள்ள டப் என்று வந்தது. முழுசாக. அதற்கு மேலே இருந்ததும் அப்படியே. மூன்றாவது உடைந்தது. என் பிழைதான், இரண்டு வந்த சந்தோசத்தில் துணியும் வைக்கவில்லை, அமுக்கவும் இல்லை, கையை வைத்தேன், முறிந்தது. இப்போது நாலில் இரண்டு மிச்சம்.

கூட்டின் அடியை முன்னுக்கு இழுத்து அப்படியே மேலே தூக்கினேன், கொக்கி விடுபட்டது. முதலில் நேராக முன்னுக்கு இழுத்தேன், கொக்கி வளைகிற மாதிரி இருந்தது, உடனே விட்டுவிட்டேன். பிறகு செட்டை நட். பழக்கத்தில் இடப்பக்கம்தான் திருகினேன், அசையவே இல்லை. கந்தன் அண்ணை சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு கையால் செட்டையைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் திருகினேன், ஒரே சுற்றில் கழன்றது.

கனடா_கந்தன் (ஞாயிறு, மாலை 5.22)

பார்த்தீர்களா! கேள்வியைத்தான் ஒழுங்காக வாசிக்கவில்லை, பதில் சரி. 🙂 செட்டைக்குப் பின்னால் பின்கூட்டைப் பிடிக்கிற பெரிய பிளாஸ்ரிக் நட் இருக்கும், அது பெரும்பாலும் வழமைப் புரி. அதை வலப்பக்கம் திருகப் போகாதீர்கள்.

ஒட்டுசுட்டான்_பிள்ளை (ஞாயிறு, மாலை 5.40)

பின்கூட்டைக் கழற்றவில்லை அண்ணை, இருந்த இடத்திலேயே துடைத்தேன். செட்டையையும் முன்கூட்டையும் கிணற்றடியில் கழுவி வெயிலில் வைத்தேன். தண்ணீர் செம்மண் குளம் மாதிரி ஓடியது. இனித் திரும்பப் பூட்ட இரண்டு கிளிப்பும் கொக்கியும் போதுமா?

குளக்கட்டு_குமார் (ஞாயிறு, மாலை 5.55)

கட்டுக்கம்பி இருக்குமே, அதால் இரண்டு இடத்தில் முறுக்கிவிடுங்கள். நான் அப்படித்தான் மூன்று வருசமாக ஓட்டுகிறேன்.

சாலையோரம் (ஞாயிறு, மாலை 6.10)

கம்பி வேண்டாம் தங்கச்சி. என் அனுபவம். கம்பி துருப்பிடித்து ஒரு நாள் இரவு அறுந்தது, முறுக்கிய நுனி உள்ளுக்குத் திரும்பிச் செட்டையில் அடித்துக் கட கட என்று சத்தம், நித்திரையில் எழும்பி ஓடினோம். செட்டையில் ஒரு துண்டு பறந்தது. அதற்குப் பிறகு கேபிள் டைதான். கறுப்பு நிறம் வாங்குங்கள், வெள்ளை ஒரு வருசத்தில் வெயிலுக்கு உடைந்துபோகிறது.

வயர்மன்_மாமா (ஞாயிறு, இரவு 7.00)

போதாது பிள்ளை. உடைந்த இரண்டு கிளிப்பின் இடத்திலும் ஒவ்வொரு டை, அடியில் புது ஸ்குறூவும் நட்டும். டையின் பூட்டுத் தலை வெளிப்பக்கம் பார்க்கட்டும், வாலை ஒட்ட வெட்டு. நல்லாயிருக்கிற இரண்டு கிளிப்பையும் பூட்டும்போதும் அதே மாதிரி அமுக்கிப் பூட்டு, பூட்டுகையில் உடைப்பவர்கள்தான் அதிகம். ஸ்குறூவுக்குத் துருப்பிடிக்காத எவர்சில்வர் கிடைத்தால் எடு, இல்லாவிட்டால் சாதாரண ஸ்குறூவின் புரியில் கொஞ்சம் கிறீஸ் பூசிப் போடு, அடுத்த முறை இந்தக் கூத்து இருக்காது.

பிளக்கைப் போடும் முன் செட்டையைக் கையால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுக் காதைக் கொடு. எங்கேயாவது டிக் என்று தட்டினால் டை வால் அல்லது வளைந்த கம்பி. முன்கூடு இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓடவிடாதே, காய்கிறதா என்று பார்க்கக்கூட.

குளக்கட்டு_குமார் (ஞாயிறு, இரவு 7.20)

டையும் ஒரு நாள் அறும்தானே மாமா? கம்பியை விட அது என்ன உறுதி?

வயர்மன்_மாமா (ஞாயிறு, இரவு 7.31)

அறும். ஆனால் அறுந்தால் மெல்லிய நைலோன் துண்டு, கம்பி முனை இல்லை. வருசம் ஒருமுறை மாற்று.

குளக்கட்டு_குமார் (ஞாயிறு, இரவு 7.40)

கம்பியின் நுனியை வெளிப்பக்கம் மடித்தால் என்ன பிரச்சினை? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒட்டுசுட்டான்_பிள்ளை (திங்கள், இரவு 8.05)

பாடசாலை விட்டு வரும்போது கறுப்பு டையும் எவர்சில்வர் ஸ்குறூவும் வாங்கினேன். பூட்டியாயிற்று. கையால் சுற்றினேன், ஒரு இடத்தில் டிக் என்றது, டை வால் இல்லை, நான் அறுத்தபோது உள்ளுக்கு வளைந்த ஒரு கூட்டுக்கம்பி. குறட்டால் வெளியே இழுத்தேன், சரி. இப்போது அம்மா அதன் முன்னால் இருந்து நாடகம் பார்க்கிறார், இருமல் இல்லை. ஆனால் மூன்றாம் வேகத்தில் போட்டாலும் முந்திய மாதிரி வேகமாகச் சுற்றவில்லை. ஊத்தை போனால் வேகம் வரும் என்று நினைத்தேன்.

பொறியன்_வவுனியா (திங்கள், இரவு 8.20)

அது கப்பாசிற்றர். மாற்றுங்கள்.

வயர்மன்_மாமா (திங்கள், இரவு 8.44)

கப்பாசிற்றராகவும் இருக்கலாம், தண்டின் புஷ் காய்ந்து போனதாகவும் இருக்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டுச் செட்டையைக் கையால் தட்டிவிடு. நாலைந்து சுற்று லேசாக ஓடி நின்றால் புஷ் நல்லது, கப்பாசிற்றரைப் பார். ஒரு சுற்றில் இறுகி நின்றால் எண்ணெய். மோட்டரின் பின்மூடியைத் திறக்க வேண்டி வரும், அதற்குத் தனி இழை தொடங்கு, இங்கே கலந்தால் குழம்பும்.

மல்லாவி_மருமகள் (செவ்வாய், காலை 9.15)

எங்கள் ஃபானில் கிளிப்பே இல்லை, சுற்றிவர ஒரு பிளாஸ்ரிக் பட்டிதான். அடியில் ஒரு ஸ்குறூ அதன் இரண்டு நுனியையும் சேர்த்து இறுக்குகிறது. நட் பிளாஸ்ரிக்குக்குள் புதைந்து கிடக்கிறது, குறடு போகாது. அதையும் இப்படி அறுக்கலாமா?

வயர்மன்_மாமா (செவ்வாய், காலை 9.50)

பட்டியின் இரண்டு நுனிக்கும் நடுவில் பிளேட் போகிற அளவுக்கு இடைவெளி தெரிகிறதா பிள்ளை? கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடு. அதுவரை திருகாதே, புதைந்த நட் சுற்றத் தொடங்கினால் வேலை இரட்டிப்பாகும்.